கெடா சிலுப்பிய கணம்: சமயத்தை நடுநிலையோடு ஆராய முடியுமா?

அட்டன், நுவரெலியா பக்கத்துத் தோட்டங்களில் மாரியம்மனுக்கு லயங்களின் நடுவே கோயில் இருக்கும். முனியாண்டிக்குப் பெரும்பாலும் கூரைகூட இருக்காது. தேயிலை மலையின் ஓரத்தில் ஒரு மரம், அதன் அடியில் மஞ்சள் பூசிய கல், பக்கத்தில் நட்ட சூலம், அதில் குத்திய எலுமிச்சம்பழம். தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரங்களுக்குக் காவலாக ரோதைமுனி இருப்பார். கவ்வாத்து வெட்டத் தொடங்கும் முன் மலையில் கும்பிடப்படும் கவ்வாத்துசாமியும் உண்டு. ஊரை விட்டு வந்தவர்கள் தங்கள் தெய்வங்களைக் கூட்டி வந்தார்கள். வந்த இடத்தின் வேலை புதிய தெய்வங்களைத் தந்தது.

முனிக்கு நேர்ந்துவிட்ட கெடாவை வெட்டும் நாளில் ஒரு கணம் வரும். கெடாவின் மேல் மஞ்சத்தண்ணியை ஊற்றிவிட்டு எல்லோரும் காத்திருப்பார்கள். கெடா உடம்பைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று பொருள். சிலுப்பாத வரைக்கும் கத்தி இறங்காது. இந்தச் சில நொடிகளை ஒரு மாணவர் தம் ஆய்வுக் குறிப்பேட்டில் எப்படி எழுதுவது? சமயத்தை நடுநிலையோடு ஆராய முடியுமா என்ற பெரிய கேள்வியை இந்தச் சிறிய இடத்தில் வைத்தே பார்க்க விரும்புகிறேன். அதற்காக ஓர் உரையாடலை அமைத்திருக்கிறேன். கவினும் சுதாவும் நான் கற்பனை செய்த மாணவர்கள். ஒரே தோட்டத்துப் பிள்ளைகள். கவின் பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம், இந்து நாகரிகம் படிக்கிறான். சுதா இறுதி வருடம், சமூகவியல்.

மூன்று சொல், மூன்று தீர்ப்பு

கவின்: அக்கா, எங்க தோட்டத்து வழிபாட்டைப் பத்தி ஒப்படை எழுதுறேன். முதல் வசனம் இதுதான்: “மலையகத் தோட்டங்களில் சிறுதெய்வங்களுக்கு விலங்குகளைப் பலியிடும் வழக்கம் இன்றும் நிலவுகிறது.” என் கருத்து எதையும் சேக்கல. நடுநிலையா இருக்குதானே?

சுதா: இதை உங்க அப்பாகிட்ட வாசிச்சுக் காட்டினியா?

கவின்: அவருக்கு எதுக்கு அக்கா? இது கெம்பஸ் வேலை.

சுதா: முனியை அவர் ‘சிறுதெய்வம்’னு எப்பயாவது சொல்லிக் கேட்டிருக்கியா?

கவின்: இல்ல. ‘ஐயா’ன்னுதான் சொல்வாரு. ஆனா புத்தகத்துல அப்படித்தானே இருக்கு?

சுதா: ‘பலியிடுறோம்’னு சொல்வாரா?

கவின்: ‘கெடா வெட்டுறோம்’பாரு. ‘ஐயாவுக்குப் படைக்கிறோம்’னும் சொல்வாரு.

சுதா: அப்ப ‘இன்றும்’ங்கிறது யாரோட சொல்லு? இந்நேரம் போயிருக்க வேண்டியது இன்னும் போகலன்னு நினைக்கிறவங்கதான் ‘இன்றும்’பாங்க. கருத்தே சேக்கலன்னு சொல்ற. ஒரே வசனத்துல மூனு தீர்ப்பு இருக்கு.

கவின் தவறு செய்யவில்லை, கற்றுக்கொண்டதை எழுதினான். இலங்கையில் சாதாரண தரம் வரைக்கும் சமயம் கட்டாயப் பாடம். பௌத்தப் பிள்ளைக்குப் பௌத்தம், முஸ்லிம் பிள்ளைக்கு இஸ்லாம், இந்துப் பிள்ளைக்குச் சைவநெறி என்று ஒவ்வொரு பிள்ளையும் தன் சமயத்தையே படிக்கிறது. அதை நம்பும் பிள்ளைக்கு, நம்புகிறவர் நிலையிலிருந்து கற்பிக்கிறார்கள். சைவநெறியின் அடிப்படை ஆகமங்கள், திருமுறைகள், சைவ சித்தாந்தம், நாயன்மார் வரலாறு. அதன் பின்னணியில் ஆறுமுக நாவலர் (1822–1879) வகுத்த சீர்திருத்தச் சைவம் இருக்கிறது. நாவலர் உயிர்ப்பலியையும் ஆகமத்துக்குப் புறம்பான வழிபாட்டையும் கடுமையாகக் கண்டித்தவர். தோட்டத்துப் பிள்ளை காலையில் முனிக் கல்லைக் கும்பிட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போய், அந்த முனிக்கு இடமில்லாத, இருந்தாலும் கீழ்ப்படியில் இடமுள்ள ஒரு சமயத்தைத் தன் சமயம் என்று பரீட்சையில் எழுதுகிறது.

‘சிறுதெய்வம்’ என்ற சொல் நாவலருக்கும் மிகப் பழையது. ஏழாம் நூற்றாண்டில் அப்பரே தேவாரத்தில் அதை ஆண்டிருக்கிறார், தாம் அவற்றிடம் போகமாட்டோம் என்று சொல்லும் இடத்தில். அதாவது அந்தச் சொல் பிறந்ததே ஒரு பக்கத்தில் நின்றுகொண்டு. பின்னால் வந்த ஆய்வாளர் பலர் அதைத் தவிர்த்து ‘நாட்டார் தெய்வம்’ என்றார்கள். அதில் இகழ்ச்சி இல்லை. ஆனாலும் தன்னை நாட்டார் என்று அழைத்துக்கொள்ளாத ஒருவரின் சாமிக்கு வெளியிலிருந்து வைத்த பெயர்தான் அது. ‘காவல் தெய்வம்’ என்பது தெய்வத்தின் தரத்தைச் சொல்லாமல் வேலையைச் சொல்கிறது. கும்பிடுகிறவர்களும் அதை ஒப்புக்கொள்வார்கள். எந்தப் பக்கமும் சாராத சொல் ஒன்று எங்கோ இருக்கிறது, தேடினால் கிடைத்துவிடும் என்று எண்ணுவதில் பயனில்லை. எந்தச் சொல் யாருடையது என்று காட்டிவிட்டு எழுதுவதுதான் செய்யக்கூடியது.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. 2018 செப்டம்பரில், இந்துக் கோயில்களில் விலங்குகளையும் பறவைகளையும் பலியிடுவதைத் தடைசெய்யும் சட்டத்தை வரைய இலங்கை அமைச்சரவை இசைவு தந்தது. ‘பலி’ என்று பெயரிட்டால் அது தடுக்க வேண்டிய ஒன்றாகத் தெரிகிறது. ‘நேர்த்திக்கடன்’ என்று பெயரிட்டால் தீர்க்க வேண்டிய ஒன்றாகத் தெரிகிறது. தடை நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். கவினின் முதல் வசனம் அந்த விவாதம் தொடங்கும் முன்பே ஒரு பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டது என்பதே இங்கே கவனிக்க வேண்டியது.

நடுநிலை இல்லாதவரின் நல்ல நூல்

கவின்: அப்ப பக்கச்சார்பு இல்லாத ஆளே இல்லன்னு சொல்றீங்க. நான் இந்தத் தோட்டத்துல பிறந்தவன், எனக்கு முனி மேல பயமும் பக்தியும் இருக்கு. வெளியாளுக்கு வேற ஏதாவது இருக்கும். யாரு எழுதினாலும் நம்ப முடியாதுன்னா எதுக்கு ஆராய்ச்சி?

சுதா: ஆளுக்குப் பக்கம் இருக்குன்னு சொன்னேன். எழுத்தை நம்ப முடியாதுன்னு சொல்லலையே.

சுதா பிரித்துக் காட்டும் இந்த இரண்டையும் விளங்கிக்கொள்ள ஒரு பழைய வழக்கு உதவும். பார்த்தலோமேயு சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். வந்த நோக்கம் வெளிப்படையானது: தமிழர்களைக் கிறித்தவர்களாக்க வேண்டும். தமிழரின் வழிபாடு பொய் என்பதில் அவருக்கு ஐயமே இருந்ததில்லை. இவரைவிட நடுநிலை இல்லாத ஒருவரைத் தேடுவது கடினம். ஆனால் 1713இல் அவர் எழுதி முடித்த, தென்னிந்தியத் தெய்வங்களின் வம்சாவளி பற்றிய ஜெர்மன் நூல் இன்றும் ஆய்வாளர்கள் எடுத்துப் பார்க்கும் ஆவணமாக இருக்கிறது. பரம்பொருள், மும்மூர்த்திகள், கிராம தேவதைகள், தேவர்கள் என்று அவர் தம் செய்திகளை வகுத்துக்கொண்டார். ஐயனாரும் மாரியம்மனும் பிடாரியும் அதில் தனித்தனியாக விவரிக்கப்படுகிறார்கள்.

பகையான மனத்திலிருந்து பயனுள்ள நூல் எப்படி வந்தது? அவர் கையாண்ட வழியால் வந்தது. தமிழ் ஏடுகளைத் தேடிச் சேர்த்தார். தமிழர்களுக்குக் கேள்விகளை எழுதி அனுப்பி, அவர்கள் தந்த பதில் கடிதங்களை மொழிபெயர்த்தார். தம் முடிவை ஒரு பக்கமும் அவர்கள் சொன்னதை ஒரு பக்கமும் வைத்ததால், முந்நூறு ஆண்டுகள் கழித்து அவருடைய முடிவை நாம் தள்ளிவிட்டுத் தகவலை மட்டும் எடுத்துக்கொள்ள முடிகிறது. அதனால்தான் அந்த நூல் அவருடைய தரப்பினருக்கே பிடிக்கவில்லை. ஜெர்மனியின் ஹாலே நகரில் இருந்த மிஷன் தலைவர் பிராங்கே அதை அச்சிட மறுத்தார். மிஷனரிகளை அனுப்பியது அந்நிய சமயத்தை ஒழிக்கவே, அதை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்பது அவர் வாதம். நூல் சென்னையில் அச்சேறியது 1867இல்தான்.

நம் மரபிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. மணிமேகலையின் 27ஆம் காதையில் அவள் வஞ்சி நகரில் ஒவ்வொரு சமயவாதியிடமும் போய், உங்கள் கொள்கை என்ன என்று கேட்கிறாள். காப்பியம் பௌத்தச் சார்புடையது; இறுதி வெற்றி யாருக்கு என்பது முன்பே முடிவானது. இருந்தும் ஆசீவகரும் சாங்கியரும் வைசேடிகரும் தங்கள் வாயால் தங்கள் கொள்கையைச் சொல்லும்படி அமைத்திருக்கிறார் சாத்தனார். பதின்மூன்றாம் நூற்றாண்டின் சிவஞான சித்தியாரும் அப்படித்தான். முதலில் பரபக்கம், அடுத்தவர் கொள்கைகளை எடுத்துச் சொல்லி மறுப்பது. பிறகு சுபக்கம், தன் கொள்கை. மறுப்பதற்கு முன் எதிராளியின் கொள்கையை எடுத்துரைக்க வேண்டும் என்ற ஒழுங்கு இந்த நூல்களுக்கு இருக்கிறது. சார்பு உள்ளவருக்கும் அந்த ஒழுங்கு கைவரும்.

ஆகவே நடுநிலையை ஆய்வாளரின் மனத்தில் தேடுவது வீண். மனத்தை யாரும் திறந்து பார்க்க முடியாது. எழுதிய வசனத்தைத் திறந்து பார்க்க முடியும்.

கெடா ஏன் சிலுப்பியது?

கவின்: சரிக்கா. சொல்லை மாத்திட்டேன். இப்ப அந்த இடத்துக்கு வாங்க. மூனு விதமா எழுதிப் பாத்தேன். ஒன்னு: “முனியாண்டி உத்தரவு தந்தார், கெடா சிலுப்பியது.” ரெண்டு: “குளிர்ந்த நீர் பட்டதால் கெடா சிலுப்பியது, மக்கள் அதைத் தெய்வ உத்தரவு என்று நம்பினர்.” மூனு: “மஞ்சத்தண்ணி ஊற்றினார்கள். கெடா சிலுப்பியது. உத்தரவு கிடைத்துவிட்டது என்று பூசாரி சொன்னார். அதன் பிறகு வெட்டினார்கள்.” மூனாவதுதானே நடுநிலை?

சுதா: ஏன் ரெண்டாவது இல்ல?

கவின்: தண்ணி பட்டதாலன்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் அளந்து பாக்கல. அதோட ‘நம்பினர்’னு எழுதினா, உண்மை வேற, நம்பிக்கை வேறன்னு சொல்லாம சொன்ன மாதிரி ஆகுது.

சுதா: நல்லா பிடிச்ச. ஆனா மூனாவதும் எனக்குப் போதாது. எத்தனை தரம் ஊத்தினாங்க?

கவின்: ரெண்டு தரம்.

சுதா: முதல் தரம் சிலுப்பலையா? அப்ப என்ன நடந்துச்சு?

கவின்: கொஞ்ச நேரம் ஒருத்தரும் பேசல. பூசாரி, ‘குத்தம் குறை இருந்தா மன்னிச்சிரு ஐயா’ன்னு சூடம் காட்டினாரு. அதுக்குப் பிறகு ஊத்தினாங்க, சிலுப்பிச்சு.

சுதா: அதை ஏன் எழுதல?

கவின்: எழுதினா நம்ம சாமியைக் கேலி பண்ணுவாங்களோன்னு இருந்துச்சு.

சுதா: இப்ப சொன்னியே, அதுதான் உன் பக்கம். முதல் வசனத்துல படிச்சவங்க பக்கம் போன. இதுல வீட்டுப் பக்கம் வந்துட்ட.

கவின் எழுதிய மூன்றாவது வடிவம் சமயவியலில் நன்கு அறியப்பட்ட ஒரு முறை. நினியன் ஸ்மார்ட் என்ற அறிஞர் 1967இல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் சமயக் கல்வித் துறையைத் தொடங்கியபோது இதைத்தான் வலியுறுத்தினார். தெய்வம் உண்டா இல்லையா என்ற கேள்வியை ஆய்வு நடக்கும் வரை அடைப்புக்குறிக்குள் போட்டு ஒதுக்கி வைப்பது. மக்களுடைய வாழ்க்கையில் அந்தத் தெய்வம் என்ன செய்கிறது என்பதை மட்டும் விவரிப்பது. ‘உண்டு’ என்பவரும் ‘இல்லை’ என்பவரும் அந்த விவரிப்பில் சேர்ந்து கையெழுத்திட முடியும். முனி உத்தரவு தந்தாரா என்பதில் பூசாரிக்கும் நாத்திகருக்கும் உடன்பாடு வராது. இரண்டாம் முறை ஊற்றிய பிறகுதான் கெடா சிலுப்பியது என்பதில் வரும்.

சுதாவின் கேள்விகள் அந்த முறைக்குத் தேவையான இன்னொரு பாதியைக் காட்டுகின்றன. விளக்கத்தை ஒதுக்கி வைப்பது போதாது. சங்கடம் தரும் செய்தியை விட்டுவிட்டாலும் சார்பு உள்ளே வந்துவிடும், அதுவும் சத்தமில்லாமல். எழுதிய சொல்லில் உள்ள சார்பை வாசகர் கண்டுபிடிக்கலாம். எழுதாமல் விட்ட முதல் ஊற்றலை யாரும் கண்டுபிடிக்க முடியாது. பூசாரியின் மன்னிப்பு வேண்டுதல் கேலிக்குரியதுமல்ல. கெடா சிலுப்பாதது சாமியின் தோல்வியாக அங்கே கொள்ளப்படவில்லை, தங்களிடம் உள்ள குறையாகக் கொள்ளப்பட்டது. அந்த வழிபாட்டின் உள்ளமைப்பை இதைவிடத் தெளிவாகக் காட்டும் செய்தி அந்த நாளில் வேறு இல்லை. கவின் வெட்கப்பட்டு மறைக்கப் பார்த்தது அதைத்தான்.

முறை நின்றுவிடும் இடம்

கவின்: அப்ப முடியும்னு ஆகுதுல்ல? சொல்லு யாரோடதுன்னு காட்டணும், விளக்கத்தை ஒதுக்கி வைக்கணும், ஒன்னையும் மறைக்கக் கூடாது. மூனையும் செஞ்சா நடுநிலை.

சுதா: விவரிக்கிற வரைக்கும் சரி. ஆனா நீ எதுக்குக் கெடா வெட்டைப் பத்தி எழுதுற? அன்னைக்குச் சமைச்ச பொம்பளைங்களைப் பத்தி ஏன் எழுதல? கோயில் பணத்தைப் பத்தி ஏன் எழுதல?

கவின்: தலைப்பு வழிபாடுதானே அக்கா.

சுதா: கெடா வெட்டுறது வழிபாடு, அதுக்குக் காசு குடுக்குறது வழிபாடு இல்லன்னு யாரு பிரிச்சது?

இந்த இடத்தில் கவினிடம் பதில் இல்லை. எளிதில் யாரிடமும் இருக்காது. தலால் அசாத் 1993இல் வெளியிட்ட நூலில் எழுப்பிய கேள்வி இதற்கு நெருங்கியது. சமயம் என்ற தனிப்பெட்டி ஐரோப்பியக் கிறித்தவ வரலாற்றில் உருவானது. அரசியல், தொழில், சட்டம் என்பவற்றிலிருந்து பிரிந்து உள்ளத்து நம்பிக்கையாக நிற்பதே சமயம் என்ற எண்ணம் எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்றார் அவர். தோட்டத்துக்குப் பொருந்தாது என்பதை ரோதைமுனியே சொல்வார். இயந்திரத்துக்குக் காவல் நிற்கும் சாமியை வழிபாட்டில் சேர்ப்பதா, தொழிலில் சேர்ப்பதா? பல தோட்டங்களில் கோயில் பணம் சம்பளத்தில் பிடிக்கப்பட்டு வந்திருக்கிறது. அப்படியானால் செக்ரோலும் சமய ஆவணம்தான். கங்காணிகள் காலத்தில் திருவிழாவின் முதல் மரியாதை யாருக்கு என்பது அதிகாரம் யாருக்கு என்பதோடு பின்னியிருந்தது.

எதைக் கேட்பது என்ற தெரிவில் நடுநிலை கிடையாது. ஆர். ஜெயராமன் மூன்று தேயிலைத் தோட்டங்களை ஆராய்ந்து 1975இல் நூல் வெளியிட்டபோது, கடல் கடந்து வந்த சாதி தோட்டத்தில் எப்படித் தொடர்கிறது என்று கேட்டார். டேனியல் பாஸ் 2013இல் வெளியிட்ட நூலில், மலையகத் தமிழர் என்ற அடையாளம் அன்றாட வாழ்வில் எப்படி உருவாகிறது என்று கேட்டார். முதல் கேள்வியோடு ஒரு திருவிழாவுக்குப் போகிறவரின் கண், யார் எங்கே நிற்கிறார்கள் என்பதைப் பார்க்கும். இரண்டாவது கேள்வியோடு போகிறவரின் கண், எல்லோரும் சேர்ந்து எதைக் காட்டுகிறார்கள் என்பதைப் பார்க்கும். இரண்டு விவரிப்பும் சரியாக இருக்கலாம். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. கேள்வியை ஒளிக்காமல் முதல் பக்கத்திலேயே சொல்லிவிட்டால், அந்தக் கேள்வி எதைக் காட்டாது என்பதை வாசகர் தாமே கணித்துக்கொள்வார்.

இன்னும் ஒரு கடினம் உண்டு. தெய்வத்தைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பதும் எல்லோருக்கும் ஒரே மாதிரி படாது. ‘உத்தரவு கிடைத்துவிட்டது என்று பூசாரி சொன்னார்’ என்ற வசனத்தைப் பல்கலைக்கழகத்தில் வாசித்தால் அடக்கமான வசனம். முனியின் முன்னால் வாசித்தால், கிடைத்ததைக் கிடைத்தது என்று சொல்லத் துணியாத வசனம். கனடிய அறிஞர் வில்பிரட் காண்ட்வெல் சிமித் 1959இல் ஒரு சோதனையை முன்வைத்தார்: ஒரு சமயத்தைப் பற்றிய கூற்றை அந்தச் சமயத்தாரே ஒப்புக்கொள்ள வேண்டும். நல்ல சோதனை, ஆனால் முழுதாகப் போதாது. யாருடைய ஒப்புதல் என்று கேட்க வேண்டியிருக்கிறது. பூசாரி ஒப்புக்கொள்வதைச் சமைத்த பெண்கள் ஒப்புக்கொள்ளாமல் போகலாம். முன்வரிசையில் நின்றவர் மறுப்பதைப் பின்வரிசையில் நிறுத்தப்பட்டவர் உறுதி செய்யலாம். எனவே வாசித்துக் காட்டுவது ஒப்புதல் வாங்குவதற்காக இல்லை. எங்கே மறுப்பு வருகிறது என்று தெரிந்துகொண்டு, அந்த மறுப்பையும் சேர்த்து எழுதுவதற்காக.

வாசித்துக் காட்டியபோது

கவின் அடுத்த லீவுக்குத் தோட்டத்துக்குப் போகிறான். திருத்திய பக்கத்தைப் பூசாரித் தாத்தாவுக்கு வாசித்துக் காட்டுகிறான். முனிக்கு ‘ஐயா’, வெட்டுக்குக் ‘கெடா வெட்டு’, இரண்டு முறை ஊற்றியது, சூடம் காட்டி மன்னிப்புக் கேட்டது எல்லாம் அதில் இருக்கின்றன. முதல் முறை சிலுப்பாததை எழுதியதற்குக் கோபிப்பார் என்று பயந்துகொண்டே வாசிக்கிறான். திரும்பி வந்து சுதாவிடம் சொல்கிறான்.

கவின்: கோபிக்கலக்கா. ‘நடந்ததைத்தானே எழுதியிருக்க’ன்னாரு. ஆனா ஒன்னு கேட்டாரு. ‘அது யாரு கெடான்னு எழுதலையேப்பா’ன்னாரு.

சுதா: யாரோடது?

கவின்: நடு லயத்துல ஒரு அத்தை. அவங்க மகனுக்குப் போன வருசம் ஆஸ்பத்திரியில ஆபரேசன் நடந்தப்ப நேந்துக்கிட்டது. குட்டியா வாங்கி ஒரு வருசம் வளத்தாங்களாம். தண்ணி ஊத்துறப்ப அவங்க கண்ணை மூடிக்கிட்டு நின்னாங்க. நான் கெடாவைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்.

சுதா: நானும்தான் கவின். எத்தனை தரம் ஊத்தினாங்கன்னு கேட்டேன். யாரு நேந்துக்கிட்டதுன்னு கேக்கத் தோணல.

பூசாரி காட்டிய குறை சார்பைப் பற்றியது அல்ல. அந்தப் பக்கத்தில் பொய் எதுவும் இல்லை, இகழ்ச்சியும் இல்லை, மறைத்ததும் இல்லை. ஆனால் அந்த நாள் யாருக்காக நடந்ததோ அவர் அதில் இல்லை. நடுநிலையாக எழுத முயன்ற இருவருமே கெடா ஏன் சிலுப்பியது என்பதையே முக்கியக் கேள்வியாக எடுத்துக்கொண்டார்கள். அது படித்தவர்களின் கேள்வி. கண்ணை மூடி நின்றவருக்கு, பட்ட கடன் தீருமா என்பதுதான் கேள்வி.

சமயத்தை நடுநிலையோடு ஆராய முடியுமா என்று கேட்டால், ஒவ்வொரு வசனத்தையும் தனியாக எடுத்து முடியும் அல்லது முடியாது என்று சொல்லலாம். நடந்ததை விவரிக்கும் வசனத்தில் முடியும். இரண்டு தரப்பும் சரிபார்க்கக்கூடியபடி எழுத முடியும். பெயரிடுவதில் முடியாது, யாருடைய பெயர் என்று காட்ட மட்டும் முடியும். கேள்வியைத் தெரிவதில் முடியாது. கேள்வியை அறிவிக்க முடியும், வாசித்துக் காட்டி அதைத் திருத்திக்கொள்ள முடியும். கவின் தன் ஒப்படையின் முதல் வசனத்தை மூன்றாம் முறையாக மாற்றி எழுதினான். இப்போது அது இப்படித் தொடங்குகிறது: “நடு லயத்தில் வசிக்கும் ஒரு தாய், மகனுக்காக நேர்ந்துகொண்ட கெடாவை ஒரு வருடம் வளர்த்தார்.”